அலகை மாற்றியதும் எண் மாறுகிறதா? கோவேரியன்ஸ், கோரிலேஷன் கோளாறு பார்க்கும் முறை

நண்பர் ஒருவர் இரண்டு ஷீட்டுகளை அனுப்பியிருந்தார். இரண்டிலும் அதே ஆட்கள், அதே உயரம், அதே எடை. ஒன்றில் உயரம் அங்குலத்தில் இருந்தது, மற்றதில் அடிக்கணக்கில். அங்குல ஷீட்டில் உயரத்துக்கும் எடைக்கும் கோரிலேஷன் 0.90. அடிக்கணக்கு ஷீட்டில் 0.25. "அலகை மாத்துனா கோரிலேஷன் மாறாதுன்னுதானே படிச்சோம்? அப்போ இது என்ன?" என்பது அவருடைய கேள்வி.

படித்தது சரிதான். அதனால்தான் 0.25 என்ற எண் உபயோகமானது. ஷீட்டில் ஏதோ கெட்டிருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட அறிகுறிகளைப் பற்றியது: எந்த எண் மாறினால் பயப்பட வேண்டாம், எது மாறினால் உடனே தேட வேண்டும், எங்கே தேட வேண்டும்.

சொற்களை ஒருமுறை பேசி முடித்துவிடுவோம். பாடப்புத்தகத்தில் கோவேரியன்ஸை உடன்மாறுபாடு என்றும் கோரிலேஷனை ஒட்டுறவு என்றும் எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கணக்கு கையால் போடும்படி எளிதாக வரட்டும் என்று, அவருடைய எண்களுக்குப் பதில் நானே ஐந்து பேரைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன்.

| ஆள் | உயரம் | அங்குலத்தில் | எடை (கிலோ) |
|---|---|---|---|
| 1 | 5 அடி 2 அங். | 62 | 54 |
| 2 | 5 அடி 4 அங். | 64 | 58 |
| 3 | 5 அடி 6 அங். | 66 | 57 |
| 4 | 5 அடி 8 அங். | 68 | 66 |
| 5 | 5 அடி 10 அங். | 70 | 65 |

சராசரி உயரம் 66 அங்குலம், சராசரி எடை 60 கிலோ. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பார்த்தால், உயரத்தில் −4, −2, 0, 2, 4. எடையில் −6, −2, −3, 6, 5. ஒவ்வோர் ஆளின் இரண்டு விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் 24 + 4 + 0 + 12 + 20 = 60. ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது 4 ஆல் வகுத்தால் 15. இதுதான் உடன்மாறுபாடு.

எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் உயரத்துக்கு 3.162 அங்குலம், எடைக்கு 5.244 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 16.58. பதினைந்தை இதனால் வகுத்தால் 0.9045. இதுதான் ஒட்டுறவு. இந்த 0.90 கடைசிவரை நமக்கு அளவுகோலாக இருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: "உடன்மாறுபாடு நூறு மடங்கு ஏறிவிட்டது"

இது கோளாறே இல்லை. ஆனால் அதிகம் பேர் பதறுவது இங்கேதான்.

மேலே வந்த 15 வெறும் எண் இல்லை. அங்குல விலகலைக் கிலோ விலகலால் பெருக்கி வந்தது அது. ஆகவே அதன் அலகு "அங்குலம்-கிலோ". கேட்க விநோதமாக இருக்கும், ஆனாலும் அதுதான் உண்மை. உயரத்தைச் சென்டிமீட்டருக்கு மாற்றினால் ஒவ்வொரு விலகலும் 2.54 மடங்கு ஆகும். எனவே உடன்மாறுபாடு 15 × 2.54 = 38.1 ஆகும். மீட்டருக்கு மாற்றினால் 0.381. சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிட்டு எடையைக் கிராமில் எழுதினால் 38,100. ஆட்கள் அதே ஐந்து பேர்தான். யாரும் ஒரு இம்மி வளரவில்லை, யாருக்கும் ஒரு கிராம் கூடவில்லை.

அதனால் 0.381 என்பதைப் பார்த்து "உறவு பலவீனம்" என்றோ, 38,100 என்பதைப் பார்த்து "பலமான உறவு" என்றோ எழுதினால் இரண்டுமே தப்பு. உடன்மாறுபாட்டின் குறியை நம்பலாம்: நேர் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன, எதிர் என்றால் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. அதன் அளவைத் தனியாக எடுத்துப் பொருள் சொல்ல முடியாது. உயரம்-எடை ஜோடியின் உடன்மாறுபாட்டை வயது-சம்பளம் ஜோடியோடு ஒப்பிட்டு எது நெருக்கமான உறவு என்று சொல்வது, கிலோவையும் கிலோமீட்டரையும் வைத்து எது பெரியது என்று கேட்பது போன்றது.

இப்போது ஒட்டுறவு ஏன் அசையவில்லை என்று பாருங்கள். சென்டிமீட்டருக்கு மாற்றியபோது மேலே இருக்கும் உடன்மாறுபாடு 2.54 மடங்கு ஆனது. கீழே இருக்கும் உயரத்தின் திட்டவிலக்கமும் 3.162-இலிருந்து 8.032 ஆனது. அதுவும் அதே 2.54 மடங்கு. மேலும் கீழும் ஒரே எண் வருவதால் அடித்துப்போகிறது.

```
அங்குலம்:     15   / (3.162 × 5.244) = 0.9045
சென்டிமீட்டர்: 38.1 / (8.032 × 5.244) = 0.9045
```

அலகும் அப்படியே அடித்துப்போகிறது. மேலே செ.மீ.-கிலோ, கீழேயும் செ.மீ. × கிலோ. ஆகவே ஒட்டுறவுக்கு அலகே கிடையாது. வேறு மாதிரியும் இதைச் சொல்லலாம். ஒட்டுறவு "இவர் சராசரியைவிட 4 அங்குலம் உயரம்" என்பதைப் பார்ப்பதில்லை. "இந்தக் கூட்டத்தில் உயரம் எவ்வளவு பரவியிருக்கிறதோ, அதில் 1.26 பங்கு இவர் மேலே இருக்கிறார்" என்று பார்க்கிறது. ஐந்தாவது ஆளுக்கு 4 அங்குலத்தை 3.162 அங்குலத்தால் வகுத்தாலும் 10.16 செ.மீ.யை 8.032 செ.மீ.யால் வகுத்தாலும் அதே 1.26தான்.

பிரான்சிஸ் கால்டன் 1888-இல் இந்த அளவைக் கண்டடைந்ததே இப்படித்தான். ஆளின் உயரத்தையும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்தையும் அவர் ஒப்பிட்டார். இரண்டும் அங்குலத்தில்தான் இருந்தன. ஆனாலும் உயரம் பரவுகிற அளவுக்குக் கை நீளம் பரவுவதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் பரவலால் வகுத்துப் பார்த்தபிறகுதான் உயரத்திலிருந்து கையைக் கணித்தாலும் கையிலிருந்து உயரத்தைக் கணித்தாலும் ஒரே எண் கிடைத்தது. அது சுமார் 0.8. அலகு ஒன்றாகவே இருந்தாலும் பரவலால் வகுக்க வேண்டிய தேவை இருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

கூட்டல் கழித்தல் பற்றி ஒரு வரி. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்க 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டுகிறோம். அந்த 32 உடன்மாறுபாட்டைக்கூடத் தொடாது. எல்லா எண்ணும் 32 கூடினால் சராசரியும் 32 கூடும், விலகல் அப்படியே நிற்கும். எனவே உடன்மாறுபாடு 1.8 மடங்கு ஆகும், ஒட்டுறவு மாறாது. செல்சியஸிலிருந்து கெல்வினுக்குப் போனால் உடன்மாறுபாடும் மாறாது.

சரிபார்க்க: புதிய உடன்மாறுபாட்டைப் பழையதால் வகுத்துப் பாருங்கள். மாற்றிய காரணி அப்படியே வர வேண்டும். இரண்டு நெடுவரிசைகளையும் மாற்றியிருந்தால் இரண்டு காரணிகளின் பெருக்கற்பலன் வர வேண்டும். வந்தால் மூடிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

## அறிகுறி: "ஒட்டுறவே மாறிவிட்டது"

இது நிஜமான கோளாறு. மாறக்கூடாதது மாறியிருக்கிறது என்றால், நீங்கள் செய்தது வெறும் அலகு மாற்றம் இல்லை. எங்கேயோ எண்களின் ஒப்பு வரிசையோ இடைவெளியோ கலைந்திருக்கிறது.

தேடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். எடையை மறந்துவிடுங்கள். பழைய உயர நெடுவரிசைக்கும் புதிய உயர நெடுவரிசைக்கும் இடையே ஒட்டுறவு போடுங்கள்.

```
=CORREL(B2:B6, C2:C6)
```

உண்மையான அலகு மாற்றம் என்றால் விடை 1 வர வேண்டும். "கிட்டத்தட்ட 1" போதாது. கணினியின் தசமக் கடைசி இலக்கப் பிசிறு தவிர முழு 1 வர வேண்டும். வரவில்லை என்றால் குற்றவாளி உயர நெடுவரிசைதான், எடை இல்லை. பிறகு அந்த இரண்டையும் ஸ்கேட்டர் சார்ட்டில் போட்டால், நேர்கோட்டிலிருந்து எந்தப் புள்ளி விலகி நிற்கிறதோ அந்த வரியில் போய்ப் பார்க்கலாம். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

நண்பருடைய ஷீட்டில் இருந்த கோளாறு நம் ஊரில் ரொம்பச் சகஜமானது. உயரம் கேட்டால் நாம் "அஞ்சு பத்து" என்போம், பதிவேட்டில் 5.10 என்று எழுதுவோம். படிக்கிற மனிதருக்கு அது 5 அடி 10 அங்குலம். எக்ஸெலுக்கு அது ஐந்தும் பத்தில் ஒன்றும். 5.10 என்று தட்டி என்டர் அடித்ததும் அது 5.1 ஆகக் குறுகி உட்கார்ந்துகொள்ளும். நம் ஐந்து பேரையும் அப்படி ஏற்றினால் உயரம் 5.2, 5.4, 5.6, 5.8, 5.1 என்று ஆகிறது. கூட்டத்திலேயே உயரமானவர் கூட்டத்திலேயே குள்ளமானவராகிவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி 5.42. விலகல்கள் −0.22, −0.02, 0.18, 0.38, −0.32. எடை விலகல்களோடு பெருக்கிக் கூட்டினால் 1.32 + 0.04 − 0.54 + 2.28 − 1.60 = 1.50. கடைசி எண்ணைக் கவனியுங்கள். சரியான ஷீட்டில் ஐந்தாவது ஆள் தந்தது +20, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே அதே ஆள் எதிர்க்குறியோடு வந்து மற்றவர்கள் சேர்த்ததில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறார். ஒட்டுறவு 0.25க்கு விழுகிறது. மேலே சொன்ன சோதனையைச் செய்தால், அங்குல நெடுவரிசைக்கும் இந்த நெடுவரிசைக்கும் இடையே ஒட்டுறவு 0.11. ஒரே ஆளின் ஒரே உயரம் தன்னோடு தானே 0.11 ஒத்துப்போகிறது என்றால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்தாவது ஆளை நீக்கிவிட்டு முதல் நால்வரை மட்டும் எடுங்கள். அங்குலத்தில் ஒட்டுறவு 0.88. தப்பாக ஏற்றிய 5.2, 5.4, 5.6, 5.8-லும் அதே 0.88. ஐந்தடிக்காரர்கள் மட்டும் இருந்து, யாரும் 9 அங்குலத்தைத் தாண்டாதவரை, 5.2-இலிருந்து 5.4-க்குப் போகிற தூரமும் 5.6-இலிருந்து 5.8-க்குப் போகிற தூரமும் சமம். ஆகவே தப்பான அலகுகூட ஒரு நேர்கோட்டு மாற்றமாகவே நடந்துகொள்கிறது. 10 அங்குலக்காரர் ஒருவர் வந்ததும் குட்டு உடைகிறது. நாலடிக்காரரும் ஐந்தடிக்காரரும் கலந்திருந்தாலும் உடையும், ஏனென்றால் 4.9-க்கும் 5.0-க்கும் இடையே இருப்பது 3 அங்குலம், ஷீட்டுக்கு அது 0.1. ஆகவே ஒட்டுறவு மாறவில்லை என்பதால் மட்டும் தரவு சரி என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்களை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். .1 முதல் .9 வரை, அப்புறம் .11 மட்டும், வேறு இரண்டிலக்கமே இல்லை என்றால் அது அடி-அங்குலம்தான். நிஜமான தசம அடி என்றால் 5.42, 5.67, 5.83 மாதிரியும் வரும்.

சரிசெய்வது எப்படி? அடிக்கு ஒரு நெடுவரிசை, அங்குலத்துக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துவிடுங்கள்.

```
=(A2*12 + B2) * 2.54
```

ஆனால் ஏற்கெனவே 5.1 ஆகிவிட்டதை ஃபார்முலா போட்டு மீட்க முடியாது. அது 5 அடி 1 அங்குலமா, 5 அடி 10 அங்குலமா என்று அந்தச் செல்லுக்கே தெரியாது. காகிதப் பதிவேட்டை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எடையைப் பார்த்து ஊகித்து நிரப்பலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள உறவைத்தான் அளக்கப்போகிறோம், அதை வைத்தே உயரத்தை நிரப்பினால் விடையை நாமே எழுதிக்கொண்டது மாதிரி.

சிலர் இதிலிருந்து தப்பிக்க 5'10" என்று குறியோடு எழுதுவார்கள். அப்போது செல் எழுத்தாகிவிடும், `CORREL` அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஐந்தாவது ஆளை மட்டும் அப்படி எழுதினால் உங்களுக்குக் கிடைப்பது மேலே பார்த்த நால்வர் கணக்கு, 0.88. 0.90-க்கு இவ்வளவு அருகில் இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. `=COUNT(B2:B6)` போட்டு ஐந்து வருகிறதா என்று பாருங்கள். 5-10 என்று கோடு போட்டு எழுதுவது இன்னும் மோசம், எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும்.

இரண்டாவது வகைக் கோளாறு, பாதி வரிகள் ஒரு அலகிலும் மீதி இன்னொரு அலகிலும் இருப்பது. சென்டிமீட்டர் நெடுவரிசையில் நான்கு பேருக்கு 157.48, 162.56, 167.64, 172.72 என்று இருக்க, ஐந்தாமவருக்கு மட்டும் யாரோ 1.78 என்று மீட்டரில் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். ஒட்டுறவு −0.47 ஆகிறது. உயரமானவர்கள் எடை குறைந்தவர்கள் என்று ஷீட் அடித்துச் சொல்லும். அலகு மாற்றம் ஒட்டுறவைத் தொடாது என்ற விதி நெடுவரிசை முழுவதும் ஒரே காரணியால் பெருக்கப்படும்போதுதான் செல்லும். ஒரு வரிக்கு ஒரு காரணி என்று ஆனபிறகு அந்த விதியைக் கூப்பிட்டுப் பயனில்லை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் `MIN`, `MAX` போட்டுப் பாருங்கள். 1.78 செ.மீ. உயர மனிதர் உடனே கண்ணில் படுவார். கிலோவும் பவுண்டும் கலந்தால் அவ்வளவு சுலபமாகப் படமாட்டார். 60 கிலோ என்பது சுமார் 132 பவுண்டு, 132 கிலோ ஆளும் உலகத்தில் உண்டு.

மூன்றாவது, முழுமையாக்கல். மாற்றும்போது ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்திவிடுவது. நம் ஐவரையும் மீட்டரில் ஒரு இலக்கத்துக்கு எழுதினால் 1.6, 1.6, 1.7, 1.7, 1.8. முதலாமவரும் இரண்டாமவரும் ஒன்றாகிவிட்டார்கள். ஒட்டுறவு 0.74. சோதனை ஒட்டுறவு 0.94 என்று வரும், 1 வராது. மீட்டர் என்ற அலகின் மேல் இதில் பழி இல்லை. இலக்கங்களைத் தூக்கி எறிந்ததுதான் பழி. செல் ஃபார்மேட்டில் இலக்கத்தைக் குறைத்துக் காட்டினால் மட்டும் ஒன்றும் ஆகாது, உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். ஆனால் அதே ஷீட்டை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் எக்ஸெல் திரையில் தெரிவதைத்தான் எழுதும். அடுத்த ஆள் திறக்கும்போது 1.6தான் இருக்கும். "என் மெஷினில் 0.90 வருது, உன் மெஷினில் 0.74 வருது" என்கிற சண்டைகளில் நான் முதலில் கேட்பது, "சிஎஸ்வியாவா அனுப்புன?"

நான்காவது வகையில் ஷீட்டில் தப்பே இருக்காது. அலகு மாற்றம் என்று நாம் நினைத்தது நேர்கோட்டு மாற்றமாக இருக்காது, அவ்வளவுதான். வண்டி மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்கிறோம். சில நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்பார்கள். 20, 40, 60 கி.மீ. தருகிற மூன்று வண்டிகளை அப்படி மாற்றினால் 5, 2.5, 1.67 லிட்டர். அங்கே சம இடைவெளி 20, 20. இங்கே 2.5, 0.83. இடைவெளிகளின் விகிதமே மாறிவிட்டதால் வண்டியின் எடையோடு மைலேஜுக்கு இருக்கும் ஒட்டுறவும் குறி மட்டுமின்றி அளவிலும் மாறும். டெசிபெல், பிஹெச் போன்ற மடக்கை அளவுகளும் இந்த ரகம். இங்கே திருத்த ஒன்றும் இல்லை, எந்த வடிவில் அளந்தீர்கள் என்று எழுதிவைக்க வேண்டியதுதான். அளவின் வடிவத்தைப் பொருட்படுத்தாத எண் வேண்டும் என்றால் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவு போடலாம். அது யார் முதல், யார் இரண்டாவது என்பதை மட்டும் பார்ப்பதால், தலைகீழாக்கும்போது குறி மட்டும்தான் மாறும்.

## அறிகுறி: "எண் அதே, குறி மட்டும் மாறிவிட்டது"

0.6 இருந்த இடத்தில் −0.6. மாற்றிய காரணி எதிர் எண்ணாக இருந்தால் இதுதான் நடக்கும். உடன்மாறுபாட்டில் அந்தக் கழித்தல் குறி வருகிறது, ஆனால் திட்டவிலக்கம் எப்போதும் நேர் எண், அதில் குறி ஏறாது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும்போது அளவு அடித்துப்போகும், குறி மட்டும் தங்கிவிடும்.

நிலத்தடி நீர் எண்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அளந்து எழுதுவார்கள். மழை பெய்தால் தண்ணீர் ஏறும், ஆழம் குறையும். எனவே மழைக்கும் ஆழத்துக்கும் எதிர் ஒட்டுறவு. அதையே கடல்மட்டத்துக்கு மேல் தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று மாற்றினால், தரையின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழிக்கிறோம். ஒரே கிணற்றில் மாதாமாதம் எடுத்த அளவுகள் என்றால் தரையின் உயரம் மாறாத எண். ஆகவே குறி மட்டும் புரளும், அளவு அச்சுமாறாமல் இருக்கும்.

பல கிணறுகளை ஒரே ஷீட்டில் போட்டிருந்தால் கதை வேறு. ஒவ்வொரு கிணற்றுக்கும் தரையின் உயரம் வேறு. வரிக்கு வரி வேறு வேறு எண்ணிலிருந்து கழிக்கிறீர்கள், அது அலகு மாற்றமே இல்லை. மேட்டுக் கிணறும் பள்ளக் கிணறும் கலந்து, குறி, அளவு இரண்டுமே இஷ்டத்துக்கு மாறலாம். "எல்லாம் மீட்டர்தானே" என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. அலகு மீட்டர்தான், அளக்கப்பட்ட பொருள்தான் வேறு.

## அறிகுறி: "ஒட்டுறவு 1-ஐத் தாண்டிவிட்டது"

ஒட்டுறவு −1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்க முடியும். 1.13 என்று வந்தால் உறவு அபாரம் என்று அர்த்தமில்லை, கணக்கு உடைந்திருக்கிறது. ரெடிமேட் ஃபங்ஷனை விட்டுவிட்டு உடன்மாறுபாட்டைத் திட்டவிலக்கங்களால் நீங்களே வகுத்தீர்களா? அப்படியென்றால், ஆட்களின் எண்ணிக்கை n என்று வைத்தால், மேலே n − 1 ஆல் வகுத்திருப்பீர்கள், கீழே n ஆல் வகுத்திருப்பீர்கள்.

பைத்தானில் இது கண்ணிவெடி மாதிரிப் புதைந்து கிடக்கிறது. `np.cov` தானாகவே n − 1 எடுத்துக்கொள்ளும், `np.std` தானாகவே n எடுத்துக்கொள்ளும்.

```python
import numpy as np
h = np.array([62, 64, 66, 68, 70]) * 2.54
w = np.array([54, 58, 57, 66, 65])
c = np.cov(h, w)[0, 1]                           # 38.1
print(c / (h.std() * w.std()))                   # 1.13 தப்பு
print(c / (h.std(ddof=1) * w.std(ddof=1)))       # 0.90 சரி
print(np.corrcoef(h, w)[0, 1])                   # 0.90 சரி
```

எக்ஸெலில் இதே கோளாறு தலைகீழாக வரும். பழைய `COVAR` n ஆல் வகுக்கும், `STDEV` n − 1 ஆல் வகுக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நம் ஐவருக்கு 0.72 வரும். இது 1.13-ஐவிட ஆபத்து, ஏனென்றால் 0.72 பார்க்க நியாயமான எண்ணாகத் தெரியும். `COVARIANCE.S` போட்டால் `STDEV.S`, `COVARIANCE.P` போட்டால் `STDEV.P` என்று ஜோடியை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஜோடி என்றாலும் விடை ஒன்றுதான், வகுக்கிற எண்ணும் மேலும் கீழும் அடித்துப்போகும்.

இந்தக் கோளாறுதானா என்று உறுதிப்படுத்த, ஒரு நெடுவரிசையை அதனோடேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். சரியான ஃபார்முலா 1 தரும். ஐந்து வரிகளில் 1.25 அல்லது 0.8 வந்தால் n-உம் n − 1-உம் கலந்திருக்கின்றன, 5/4 அல்லது 4/5. ஆயிரம் வரி இருந்தால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், கண்ணுக்கே படாது. அதனால்தான் பெரிய கோப்பில் பல வருடம் ஓடிய ஸ்கிரிப்ட் ஒரு சிறிய கோப்பில் திடீரென்று உளறும்.

## அறிகுறி: "சாய்வும் பிசிஏவும் மட்டும் மாறுகின்றன"

ஒட்டுறவு 0.90-லேயே நிற்கிறது, ஆனால் எடையைக் கணிக்கும் கோட்டின் சாய்வு அங்குலத்தில் 1.5, செ.மீ.யில் 0.59. மாறத்தான் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒன்றரைக் கிலோ என்பதும் ஒரு செ.மீ.க்கு 0.59 கிலோ என்பதும் ஒரே செய்தி. சாய்வுக்கு அலகு உண்டு, அதனால் அது அலகோடு சேர்ந்து மாறும்.

பிசிஏ என்பது பல நெடுவரிசைகளின் பரவலைச் சில கூறுகளாகச் சுருக்கிக் காட்டும் முறை. அதில் மாறினால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உடன்மாறுபாட்டு அணியை வைத்து அது ஓடுகிறது என்றால், எந்த நெடுவரிசையின் எண்கள் பெரிதாகப் பரவியிருக்கின்றனவோ அதுவே முதல் கூறை இழுத்துக்கொள்ளும். உயரத்தை மில்லிமீட்டரில் கொடுத்தால் முதல் கூறு கிட்டத்தட்ட உயரம்தான். மீட்டரில் கொடுத்தால் கிட்டத்தட்ட எடைதான். இரண்டு நெடுவரிசைகளும் வேறு வேறு அலகில் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் அதனதன் திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டு ஓட்டுங்கள். அதாவது ஒட்டுறவு அணியை வைத்து. எல்லா நெடுவரிசையும் ஒரே அலகில், ஒரே வகைப் பொருளை அளந்தவை என்றால் உடன்மாறுபாட்டு அணியே பல நேரம் மேல். எது அதிகம் பரவுகிறது என்பதும் ஒரு செய்திதான், வகுத்தால் அது போய்விடும்.

## அறிகுறி: `#DIV/0!` அல்லது `nan`

ஏதோ ஒரு நெடுவரிசையில் எல்லா எண்ணும் ஒன்றாக இருக்கிறது. பரவல் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அப்போது உடன்மாறுபாடு 0 என்று சாதாரணமாக வரும், ஒட்டுறவு மட்டும் மறுத்துவிடும். அலகு மாற்றத்தில் இது எப்படி வரும் என்று கேட்கலாம். மீட்டருக்கு மாற்றி, நெடுவரிசையை முழு எண்ணாக வைத்துவிட்டால் வரும். நம் ஐந்து பேரும் 1.57 முதல் 1.78 மீட்டர். முழுமையாக்கினால் ஐவருமே 2 மீட்டர் உயரம்.